ஏற்காடு மலைப்பாதையில் செல்பேசி எப்படி டவர் மாறுகிறது: பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கும் முறை

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. செல்பேசியில் சிக்னல் நன்றாகத்தான் காட்டியது, எடுத்த படம் மட்டும் வாட்ஸ்அப்பில் போகவே இல்லை என்பார்கள். மலை ஏறும்போது வேறொரு குறை சொல்வார்கள்: கொண்டை ஊசி வளைவுகளில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. கேட்பதற்கு இரண்டும் ஒரே கோளாறு போல இருக்கும். காரணங்கள் முற்றிலும் வேறு. முதலாவது, பல டவர்கள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்வதால் வருவது. இரண்டாவது, ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும் வேலை நேரத்துக்கு முடியாமல் போவதால் வருவது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வந்தால், கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசியை வைத்தே இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். செல்பேசி வலைப்பின்னல் பற்றி முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. இருபது வளைவுகள் உள்ள பாதை அது. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

முதலில் தலைமுறைகள், சுருக்கமாக

இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995-இல் 2ஜியாகவே தொடங்கியது. அதன்பின் அடுத்தடுத்து வந்தவை 3ஜி, 4ஜி. 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. 2ஜியும் 3ஜியும் பேச்சுக்குத் தனி வழி வைத்திருந்தன. 4ஜியில் அந்தத் தனி வழி கிடையாது, பேச்சும் டேட்டாவாகவே போகிறது. ஆகவே 4ஜியில் டேட்டா தடுமாறினால் பேச்சும் சேர்ந்து தடுமாறும். 2ஜி வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம் என்றால், 4ஜி மறையும் இடத்தில் பேச்சை 2ஜிக்கு இறக்கிவிட வழி இருக்கிறது. ஜியோவைப் போல 2ஜியோ 3ஜியோ இல்லாத நிறுவனத்தின் சிம் என்றால் 4ஜி போன இடத்தில் அழைப்பும் போய்விடும். மலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் போதும்.

இந்தச் சோதனைக்கு 5ஜியை நிறுத்திவிடுங்கள். செல்பேசி அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய், விரும்பும் வலைப்பின்னல் வகையாக 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். 5ஜியில் சில நிறுவனங்கள் 4ஜி டவரையும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு இரண்டு இணைப்பாக ஓட்டுகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு எது எப்போது மாறியது என்று குழம்பும். 4ஜியில் ஒரு நேரத்தில் ஒரு தொடர்பைப் பின்தொடர்ந்தால் போதும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

NetMonster என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் இடம் அறியும் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் ஆண்ட்ராய்டு டவர் விவரங்களைக் காட்டாது. திரையில் பல எண்கள் வரும். நமக்கு வேண்டியவை நான்குதான்.

RSRP என்பது இப்போது இணைந்திருக்கும் டவரின் சிக்னல் வலு. எப்போதும் கழித்தல் எண்ணாக வரும். −80 என்றால் மிக நன்று, −100 என்றால் சுமார், −115-க்குக் கீழே போனால் இணைப்பு அறுபடும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். SNR அல்லது SINR என்பது அந்தச் சிக்னல் மற்ற இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 20-க்கு மேல் இருந்தால் இணையம் பறக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் தவழும். செல்பேசியின் மேல் மூலையில் தெரியும் பட்டைகள் பெரும்பாலும் முதல் எண்ணை வைத்தே வரையப்படுகின்றன. அதனால்தான் பட்டைகளை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன்.

மூன்றாவது Cell ID. ஒரு டவரில் வழக்கமாக மூன்று திசைகளுக்கு மூன்று ஆண்டெனாத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனி செல். சில செயலிகள் இந்த அடையாளத்தை ஒரே பெரிய எண்ணாகக் காட்டும். 205345025 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதை 256-ஆல் வகுத்தால் ஈவு 802129, மீதி 1. ஈவு டவர் நிலையத்தின் எண், மீதி அதிலுள்ள செல்லின் எண். அடுத்து 205345026 வந்தால் அதே டவரின் இன்னொரு பக்கத்துக்கு மாறியிருக்கிறோம். ஈவே மாறினால் வேறு டவருக்குப் போய்விட்டோம். NetMonster இந்த வகுத்தலைத் தானே செய்து, eNB, CID என இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

நான்காவது TA. சிக்னல் போய்வரும் நேரத்தைக் கொண்டு டவரின் தொலைவைச் சொல்லும் எண் இது. 4ஜியில் ஒரு படி ஏறத்தாழ 78 மீட்டர். TA 10 என்றால் டவர் முக்கால் கிலோமீட்டருக்கு சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. எல்லாச் செல்பேசிகளும் இந்த எண்ணைத் தருவதில்லை. வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இத்துடன் Termux என்ற செயலியையும் நிறுவி, வைஃபையை அணைத்துவிட்டு, பஸ் புறப்பட்டதும் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ping -i 1 8.8.8.8
```

இது நொடிக்கு ஒருமுறை இணையத்தில் உள்ள ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று எழுதிக்கொண்டே போகும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு NetMonster-ஐ மட்டும் பார்க்கலாமே என்று தோன்றும். தவிர்க்காதீர்கள். டேட்டா எதுவும் ஓடாமல் சில நொடிகள் கழிந்தால் செல்பேசி ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வு நிலையில் எந்தச் செல்லைக் கவனிப்பது என்று செல்பேசியே முடிவு செய்துகொள்கிறது. டவருக்கு அதில் உடனடி வேலை எதுவும் இல்லை. நாம் பார்க்க விரும்பும் ஹேண்டோவர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை ஒரு டவர் அடுத்த டவரிடம் ஒப்படைப்பது, இணைப்பு உயிரோடு இருக்கும்போதுதான் நடக்கும். நொடிக்கொரு ping அதை உயிரோடு வைத்திருக்கிறது.

அஸ்தம்பட்டி முதல் அடிவாரம் வரை

நகருக்குள் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது உள்ளே நடப்பது இதுதான்.

டவர் முன்கூட்டியே செல்பேசிக்கு ஒரு விதி கொடுத்து வைத்திருக்கிறது: பக்கத்துச் செல் ஏதாவது என்னைவிடக் குறிப்பிட்ட அளவு வலுவாகி, குறிப்பிட்ட நேரம் அப்படியே நீடித்தால் எனக்குச் சொல். அந்த அளவையும் நேரத்தையும் நிறுவனமே முடிவு செய்கிறது. 3 டெசிபெல், 320 மில்லிநொடி என்பது போன்ற மதிப்புகள் வழக்கம். கோரிமேடு தாண்டும்போது இப்போதைய செல் −97, பக்கத்துச் செல் −93 என்று வைத்துக்கொள்வோம். 4 டெசிபெல் வேறுபாடு. அது 320 மில்லிநொடி நீடித்ததும் செல்பேசி அறிக்கை அனுப்புகிறது. பழைய டவர் புதிய டவரிடம் இடம் கேட்கிறது. புதிய டவர் இடம் ஒதுக்கியதும், இன்ன செல்லுக்குப் போ என்ற ஆணை பழைய டவர் வழியாகச் செல்பேசிக்கு வருகிறது. செல்பேசி பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் வந்து சேர்ந்த டேட்டாவைப் பழைய டவர் புதிய டவருக்கு அனுப்பிவைக்கிறது.

4ஜியில் பழையதை விட்ட பிறகுதான் புதியதைப் பிடிக்க முடியும். ஆனாலும் அந்த இடைவெளி வழக்கமாக 50 மில்லிநொடி அளவில் முடிந்துவிடும். பேசுகிறவர் காதுக்குத் தெரியாது. ping பட்டியலில் மட்டும் ஒரு வரி சற்றே உயர்ந்து தெரியும், அதுவும் சில சமயம்தான்.

அந்த 3 டெசிபெல்லும் காத்திருப்பும் எதற்கு என்றால், அவை இல்லாவிட்டால் இரண்டு டவர்களின் எல்லையில் நிற்கும் செல்பேசி இங்கும் அங்கும் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும். பஸ் சிக்னலில் நிற்கும்போதே Cell ID இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி வந்தால் இந்தத் தாவலைத்தான் பார்க்கிறீர்கள். காத்திருப்பை மிகவும் கூட்டினாலும் தொல்லைதான். அது மலையில் தெரியும்.

வளைவுகளில்

அடிவாரத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் வளைவு எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் வளைவுகளில் சமவெளிப் பக்கம் திறந்திருக்கும்போது RSRP நன்றாகவே இருக்கும். பஸ் திரும்பி மலையின் மறுபக்கத்துக்குப் போனதும், நடுவில் பாறை வந்துவிடுவதால், சில நொடிகளிலேயே 15, 20 டெசிபெல் சரியலாம். நகரச் சாலையில் அதே சரிவு மெதுவாக, சில நூறு மீட்டரில் நடக்கும். இங்கே பஸ்ஸின் நீளம் கடப்பதற்குள் நடந்துவிடுகிறது.

கோளாறு இதில்தான் பிறக்கிறது. செல்பேசியின் அறிக்கை பழைய டவரைப் போய்ச் சேர வேண்டும், பழைய டவரின் ஆணை செல்பேசிக்கு வந்து சேர வேண்டும். இரண்டும் மங்கிக்கொண்டிருக்கும் பழைய சிக்னலின் மேல்தான் பயணம் செய்கின்றன. வளைவு முடிவதற்குள் அந்தச் சிக்னல் செத்துவிட்டால் ஆணை வராது. அடுத்த டவர் நன்றாகத் தெரிந்தாலும் செல்பேசி தன்னிச்சையாகத் தாவ முடியாது. பழைய இணைப்பு போய்விட்டது என்று உறுதி செய்துகொள்ள அது ஏறத்தாழ ஒரு நொடி காத்திருக்கும். அதன் பிறகு தானே தேடி, வலுவான செல்லைப் பிடித்து, விட்ட இணைப்பை மீட்டுக்கொள்ளக் கேட்கும். மொத்தம் இரண்டு மூன்று நொடி போய்விடும். ping பட்டியல் இப்படி இருக்கும்:

```
icmp_seq=141 ttl=115 time=46.2 ms
icmp_seq=142 ttl=115 time=131 ms
icmp_seq=143 ttl=115 time=44.8 ms
icmp_seq=147 ttl=115 time=612 ms
icmp_seq=148 ttl=115 time=51.0 ms
```

142-இல் நேரம் கூடியது, எண் எதுவும் விடுபடவில்லை. அதே நொடியில் NetMonster-இல் Cell ID மாறியிருந்தால் அது ஒழுங்காக நடந்த ஹேண்டோவர். 144, 145, 146 காணவில்லை, 147 நெடுநேரம் கழித்து வந்தது. அதற்கு முன் RSRP −118 போன்ற எண்ணுக்குச் சரிந்து, பின் Cell ID மாறியிருந்தால் அது அறுந்து மீண்ட இணைப்பு. பேசிக்கொண்டிருந்தவருக்கு "ஹலோ, கேட்கிறதா?" என்று கேட்க வைத்த மூன்று நொடி அதுதான். மூன்றாவதாக இன்னொரு வகையும் உண்டு: ஐந்து பத்து எண்கள் விடுபட்டு, அதன்பின் எல்லாப் பதில்களும் 300, 500 மில்லிநொடி என்று வந்தால், திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி போய் 2ஜிக்கு இறங்கியிருக்கும்.

ஒரே வளைவில் ஏறும்போதும் இறங்கும்போதும் அறுகிறதா என்று பாருங்கள். ஏறும்போது மட்டும் அறுந்தால் அந்தத் திசைக்கான பக்கத்துச் செல் பட்டியலிலோ மாறும் அளவிலோ குறை இருக்க வாய்ப்புண்டு. நிறுவனத்தின் பொறியாளர் அதைத் தன் மேசையிலிருந்தே சரிசெய்ய முடியும். இரு திசையிலும் அறுந்தால் அங்கே சிக்னலே எட்டவில்லை. அதற்குப் புதிய டவரோ ஆண்டெனாவோதான் வேண்டும்.

டவர் மாறியும் அழைப்பு ஏன் தொடர்கிறது

மலை ஏறி முடிக்கும்போது பல டவர்களைக் கடந்திருப்பீர்கள். ஆனாலும் தொடங்கிய பதிவிறக்கம் முதலிலிருந்து தொடங்கவில்லை. ஏன்? சேலத்தில் ஒருமுறை, ஏற்காட்டில் ஒருமுறை, செல்பேசி அமைப்புகளில் ‘செல்பேசி பற்றி’ என்ற பகுதியில் IP முகவரியைப் பாருங்கள். இணைப்பு முழுதாக அறுபடவில்லை என்றால் அது மாறியிருக்காது.

அந்த முகவரியைக் கொடுத்தது டவர் அல்ல. நிறுவனத்தின் தரவு மையத்தில், டவர்களுக்கு வெகுதொலைவில், ஒரு நுழைவாயில் கணினி இருக்கிறது. 4ஜியில் அதன் பெயர் பிஜிடபிள்யூ, 5ஜியில் யுபிஎஃப். செல்பேசியின் டேட்டா டவருக்கு ரேடியோவில் போகிறது. டவரிலிருந்து ஃபைபர் வழியாகவோ, மலைகளில் அடிக்கடி மைக்ரோவேவ் தட்டு வழியாகவோ, அந்த நுழைவாயிலுக்கு ஓர் உறைக்குள் வைத்து எடுத்துச் செல்லப்படுகிறது. உறையின் மேலே எழுதியிருப்பது டவரின் முகவரி, உள்ளே இருப்பது நம் முகவரி. டவர் மாறும்போது உறையின் மேல் உள்ள முகவரி மட்டும் மாறுகிறது. நுழைவாயிலைத் தாண்டி வெளியே இருக்கும் கூகுளுக்கோ வங்கிக்கோ நாம் நகர்ந்ததே தெரியாது.

இதைச் சோதிக்க Termux-இல் இவற்றைக் கொடுங்கள்:

```
pkg install traceroute
traceroute -n 8.8.8.8
```

சேலத்தில் இருக்கும் உறவினரிடமும், அதே நிறுவனத்தின் சிம்மில், இதையே ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டு பட்டியல்களிலும் டவர் எங்கும் தென்படாது. முதல் சில வரிகள் 10 அல்லது 100 என்று தொடங்கும் உள் முகவரிகளாகவோ வெறும் விண்மீன் குறிகளாகவோ இருக்கும். விண்மீன் வந்தால் அந்தக் கணினி பதில் சொல்ல மறுத்தது என்று மட்டுமே பொருள், இணைப்பு கெட்டது என்று பொருள் இல்லை. உள் முகவரிகளை நிறுவனம் வாசலில் பொது முகவரியாக மாற்றி வெளியே அனுப்புகிறது. ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். செல்பேசி டேட்டாவில் ஓடும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

46 மில்லிநொடி தாமதத்துக்குத் தூரத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். சேலத்திலிருந்து சென்னை சாலை வழியே சுமார் 340 கிலோமீட்டர். போய்வர நான்கு மில்லிநொடிகூட ஆகாது. மீதியில் பெரும்பங்கு செல்பேசிக்கும் டவருக்கும் நடுவே, தன் முறை வரக் காத்திருப்பதில் போகிறது.

லேடீஸ் சீட் விளிம்பில்

இப்போது முதல் குறைக்கு வருவோம். விளிம்பில் நின்று NetMonster-ஐப் பாருங்கள். RSRP −92 போல மதிப்பாக இருக்கும், SNR மட்டும் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ கிடக்கும். பக்கத்துச் செல்களின் பட்டியலில் −93, −94, −95 என்று வரிசையாகப் பலவும் நிற்கும். TA 115 என்று வந்தால் 115-ஐ 78-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஏற்காட்டில் அவ்வளவு தொலைவில் டவர் இருக்க முடியாது. செல்பேசி சேலத்தின் புறநகர் டவர் ஒன்றைப் பிடித்திருக்கிறது.

சமவெளி டவர்களின் ஆண்டெனாக்களைச் சில டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தே பொருத்துகிறார்கள், தன் பகுதியைத் தாண்டி சிக்னல் சிந்தக் கூடாது என்பதற்காக. லேடீஸ் சீட் அந்தச் சமவெளிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரிலிருந்து பார்த்தால் ஐந்து டிகிரி அளவுக்கு மேலே. ஆண்டெனாவின் முக்கிய ஒளிக்கற்றை இங்கே வருவதில்லை, அதன் ஓரங்களில் கசிவதுதான் வருகிறது. நடுவில் மறைப்பு ஏதும் இல்லாததால் கசிவும் நன்றாகவே வந்து சேர்கிறது. ஒரு டவரிலிருந்து மட்டும் வந்தால் பரவாயில்லை. ஊரில் உள்ள எத்தனையோ டவர்களிலிருந்து, ஒரே அலைவரிசையில், ஏறக்குறைய ஒரே வலுவோடு வருகிறது. எந்த ஒன்றும் மற்றவற்றைவிட மேலே எழுந்து நிற்பதில்லை. பட்டைகள் நிறைந்திருக்கும், டேட்டா தவழும்.

படம் அனுப்புவது இன்னும் கடினம். டவர் பல பத்து வாட் திறனில் பேசுகிறது. செல்பேசியின் உச்சத் திறன் 0.2 வாட். அது ஒன்பது கிலோமீட்டர் தாண்டிக் கேட்க வேண்டும். பக்கம் திறப்பதும் படம் போகாமல் நிற்பதும் ஒன்றாக நடப்பது இதனால்தான். செல்பேசி உச்சத் திறனிலேயே முயன்றுகொண்டிருப்பதால் மின்கலமும் வேகமாக இறங்கும், கை சுடும்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. விளிம்பிலிருந்து ஐம்பது அறுபது அடி பின்னால் வந்து, பாறையோ கட்டடமோ சமவெளியை மறைக்கும்படி நில்லுங்கள். விமானப் பயன்முறையைப் பத்து நொடி போட்டு எடுங்கள். செல்பேசி புதிதாகத் தேடத் தொடங்கும். இப்போது ஏற்காட்டு டவரைப் பிடித்தால் TA ஒற்றை அல்லது இரட்டை இலக்கத்துக்கு வரும். RSRP −104 என்று குறைந்து பட்டை ஒன்று இறங்கியிருக்கலாம். SNR 10-ஐத் தாண்டியிருந்தால் படம் உடனே போய்விடும். விமானப் பயன்முறை போட்டு எடுத்ததில் IP முகவரி மாறியிருக்கக்கூடும், ஆகவே பாதியில் இருக்கும் பணப் பரிமாற்றத்தின்போது இதைச் செய்யாதீர்கள்.

புகார் கொடுக்கும்போது

‘ஏற்காட்டில் சிக்னல் இல்லை’ என்று எழுதினால் யாராலும் எதையும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், மேல்நோக்கிப் போகையில், இத்தனையாவது வளைவு, பழைய Cell ID இது, RSRP −118-க்குச் சரிந்து மூன்று நொடி இணைப்பு இல்லை, பின் பிடித்த Cell ID இது. லேடீஸ் சீட் பற்றியது என்றால் RSRP, SNR, TA மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து அனுப்புங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வில் நிறைவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு முறையிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.